மூன்று நாள் எப்போது தொடங்குகிறது?

- அச்சக ஆர்டர் மென்பொருள் ஆலோசகர்

இணையத்தில் ஆர்டர் எடுக்கும் அச்சகங்களின் முகப்பில் தவறாமல் ஒரு வாசகம் இருக்கும்: 'மூன்று வேலை நாளில் டெலிவரி'. எந்த நிமிடத்திலிருந்து மூன்று நாள் என்பது மட்டும் அங்கே இருக்காது. பணம் கட்டிய நிமிடத்திலிருந்து என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். கோப்பு சரியாகி, புரூஃபுக்கு ஓகே வந்த பிறகுதான் என்று அச்சகம் நினைக்கிறது. இணைய அச்சகங்கள் மீது வரும் புகார்களில் பெரும்பகுதி மெஷின் ஓடாததால் வருவதில்லை. இந்த இரண்டு நினைப்புகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் அவை பிறக்கின்றன.

சிவகாசி அச்சகம் ஒன்றுக்கு மதுரையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை ஆர்டர் வருவதாக வைத்துக்கொள்வோம். நானூறு பிரதி, நான்கு வண்ண ஆஃப்செட், பிள்ளையார் மேல் கோல்டு ஃபாயில். பெண்ணின் அப்பா திங்கள் இரவு பத்து மணிக்குக் கோப்பை ஏற்றிப் பணமும் கட்டிவிடுகிறார். மூன்று நாள் என்றால் வியாழன் என்பது அவர் கணக்கு. செவ்வாய் காலை அச்சகத்தில் கோப்பைத் திறக்கிறார்கள். எழுத்துரு உள்ளே இல்லை. பிள்ளையார் படமும் மங்கல். ஆளுக்கு ஆள் போன் செய்து, வடிவமைத்துக் கொடுத்த டிடிபி சென்டர்காரர் வேறு கோப்பு அனுப்பும்போது புதன் மதியம் ஆகிறது. மாலையில் முதல் புரூஃப் போகிறது. இரவு வீட்டில் எல்லோரும் படிக்கிறார்கள். சித்தப்பா பெயருக்குப் பின்னால் பட்டம் விட்டுப்போயிருக்கிறது. வியாழன் திருத்தம், அன்று மாலை இரண்டாவது புரூஃப். பெரியவர்கள் பார்த்து முடித்து வெள்ளி மாலை ஐந்தரைக்கு 'ஓகே' வருகிறது. அன்றைய பிளேட் மதியமே போட்டாகிவிட்டது. சனிக்கிழமை அச்சு, ஞாயிறு விடுமுறை, திங்கள் ஃபாயில், செவ்வாய் கட்டிங், கிரீசிங், பேக்கிங். மாலை பார்சல் சர்வீஸில் போட்டு, புதன்கிழமை மதுரையில் கைக்கு வருகிறது.

வாடிக்கையாளர் எண்ணினால் ஒன்பது நாள். அச்சகம் எண்ணினால் சனி, திங்கள், செவ்வாய் என்று சரியாக மூன்று வேலை நாள். இருவர் சொல்வதும் உண்மை. அதனால்தான் போனில் சண்டை முடிவதே இல்லை. திங்கள் இரவுக்கும் வெள்ளி மாலைக்கும் நடுவில் போன நேரத்தைப் பாருங்கள். அதில் எந்த மெஷினுக்கும் பங்கில்லை. அந்த நேரத்தைக் குறைப்பதும், குறைக்க முடியாததை முன்கூட்டியே சொல்வதும்தான் ஆர்டர் பக்கத்தை வடிவமைப்பவரின் வேலை.

முதலில் கோப்பு ஏற்றும் இடம். பெரும்பாலான தளங்களில் அது வெறும் தபால் பெட்டிதான். எதைப் போட்டாலும் வாங்கிக்கொண்டு 'நன்றி' சொல்லும்; குறை இருப்பது மறுநாள் காலை ஒரு ஊழியர் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும். கோப்பு ஏறிய நிமிடமே அதைச் சோதித்து, குறையை அதே திரையில் சொல்வதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. பிடிஎஃப் கோப்பில் எழுத்துருக்கள் பொதிந்திருக்கின்றனவா என்று சொல்ல `pdffonts` என்ற இலவசக் கருவி இருக்கிறது. படங்களின் நுணுக்கத்தைச் சொல்ல `pdfimages -list`, தாளின் வெட்டு அளவைச் சொல்ல `pdfinfo -box`. மூன்றும் சர்வரில் சில நொடிகளில் முடியும் வேலை.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கு எழுத்துருச் சோதனை மிக அவசியம். நம் டிடிபி கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஆங்கில விசையின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துரு பொதியாமல் கோப்பு வந்தால், அச்சகத்தின் கணினியில் 'திருமணம்' என்ற சொல் `jpUkzk;` என்று தெரியும். இது கண்ணில் படும் பிழை, பிடித்துவிடலாம். இதைவிட ஆபத்தானது யூனிகோடில் வருவது. தமிழை முறையாகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் வடிவமைத்தால், 'செல்வன்' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். எழுத்துரு பொதிந்திருப்பதால் சோதனைக் கருவி 'சரி' என்று சொல்லிவிடும். தமிழ் படிக்கத் தெரிந்த கண் ஒன்றுதான் அதைப் பிடிக்கும். ஆகவே இயந்திரச் சோதனைக்குப் பிறகும் ஒரு மனிதர் ஒரு நிமிடமாவது பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கும் அச்சகங்கள் மறு அச்சுக்குத் தாள் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

படத்தின் கணக்கு எளிது. ஆஃப்செட்டில் நன்றாக விழ அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிள்ளையார் படம் 960 பிக்சல் அகலம் என்றால், அது 3.2 அங்குலத்துக்குத்தான் தாங்கும். அதை ஆறு அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 160 பிக்சல். போன் திரையில் அழகாகத் தெரிந்தது தாளில் பிசிறடிக்கும். 'படம் 300 டிபிஐ-யில் இல்லை' என்று திரையில் எழுதினால் வாடிக்கையாளருக்கு ஒன்றும் புரியாது. 'இந்தப் படம் இவ்வளவு பெரிதாக அச்சிட்டால் மங்கலாக விழும். எடுத்தவரிடமிருந்து மூலப் படத்தை டாக்குமென்ட்டாக வாங்கி அனுப்புங்கள்' என்று எழுதினால் அவரே போன் செய்து வாங்கிவிடுவார்.

எல்லாக் குறைக்கும் ஒரே தண்டனை கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்துரு இல்லாத கோப்பு, ஆர்டர் செய்த அளவோடு பொருந்தாத கோப்பு, கடவுச்சொல் போட்ட கோப்பு ஆகியவற்றை வாசலிலேயே நிறுத்த வேண்டும். மங்கலான படத்தையும், திரை வண்ணமான ஆர்ஜிபி-யில் வந்ததையும் நிறுத்த வேண்டாம். எச்சரித்துவிட்டு, 'தெரிந்தேதான் அனுப்புகிறேன்' என்று அவரிடம் ஒரு ஒப்புதல் வாங்கிக்கொண்டு உள்ளே விடலாம். காலமான தாத்தாவின் ஒரே போட்டோ மங்கலாகத்தான் இருக்கும். அதற்காக நினைவஞ்சலி அட்டையை மறுக்க முடியுமா? வெட்டு ஓரத்துக்கு வெளியே 3 மி.மீ. வண்ணம் நீட்டி விடாத கோப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். கட்டிங்கில் தாள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். பின்னணி வெள்ளை என்றால் கவலையே இல்லை. மெரூன் பின்னணி என்றால் நிறுத்தியே ஆக வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பத்திரிகை அடிக்க வருபவர்களில் நிறையப் பேரிடம் கோப்பே இருக்காது. நோட்டில் எழுதிய தாளின் போட்டோதான் இருக்கும். அவர்களைக் 'கோப்பை ஏற்றுக' என்ற பொத்தானின் முன்னால் நிறுத்தினால், அந்தப் போட்டோவையே ஏற்றிவிட்டுப் பணமும் கட்டிவிடுவார்கள். அதனால் முதல் கேள்வி, 'அச்சுக்குத் தயாரான கோப்பு இருக்கிறதா, விவரம் மட்டும்தான் இருக்கிறதா?' என்பதாக இருக்க வேண்டும். விவரம் மட்டும் உள்ளவருக்குப் பெயர், முறை, நாள், நேரம், மண்டபம் என்று தனித்தனிக் கட்டங்கள் கொடுங்கள். அவர்கள் தட்டச்சு செய்த எழுத்தே வடிவமைப்புக்குள் போகட்டும். போட்டோவைப் பார்த்து இன்னொருவர் மறுபடி தட்டச்சு செய்யும்போது புகும் பிழை பாதிக்குமேல் போய்விடும். கூடவே, ஆங்கிலத் தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று மென்பொருளே பார்த்துச் சொல்லலாம். ஞாயிறு என்று போட்டுத் திங்களின் தேதியை அச்சடித்த பத்திரிகைகள் எத்தனையோ வீடுகளில் பேனாத் திருத்தத்தோடு கொடுக்கப்பட்டிருக்கின்றன.

அடுத்தது புரூஃப். இன்று பெரும்பாலும் நடப்பது இது: கோரல் டிராவிலிருந்து ஒரு ஜேபெக் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அவர் 'ஓகே சார்' என்று போடுவார், அல்லது கட்டைவிரல். எந்தப் படத்துக்கு அந்தக் கட்டைவிரல்? முந்தைய நாள் அனுப்பியதற்கா, பத்து நிமிடத்துக்கு முன் அனுப்பியதற்கா? அதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. புரூஃபாகப் போனது ஒரு படம். பிளேட்டுக்குப் போவது வேறொரு கோப்பு. இரண்டுக்கும் நடுவில் ஆபரேட்டர் ஒரு கமாவை நகர்த்தியிருக்கலாம், கணினியில் ஒரு எழுத்துரு மாறியிருக்கலாம். வாடிக்கையாளர் ஓகே சொன்ன பொருள் அச்சாவதே இல்லை.

இதற்கு என் விதி ஒன்றுதான்: பிளேட்டுக்குப் போகும் பிடிஎஃப் எதுவோ, அதிலிருந்தே புரூஃப் படம் உருவாக வேண்டும். ஒப்புதல் விழுந்ததும் அந்தக் கோப்புக்கு `SHA-256` போன்ற ஒரு குறியீட்டை எடுத்து ஆர்டரோடு பூட்டிவிட வேண்டும். அது கோப்பின் கைரேகை. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறிவிடும். பிளேட் போடும் இடத்தில் கைரேகை பொருந்தாவிட்டால் வேலை நகரக் கூடாது. `order_v3.pdf` வந்ததும் `order_v2.pdf`-க்கான ஒப்புதல் இணைப்பு செத்துவிட வேண்டும். அதைத் தொட்டால் 'புதிய புரூஃப் வந்துள்ளது' என்று காட்ட வேண்டும். இதற்கு ஒரு புரோகிராமருக்குச் சில நாள் வேலை ஆகும். 'நீங்கள்தானே ஓகே சொன்னீர்கள்' என்ற வாக்குவாதம் அதோடு முடிந்துவிடும்.

எதற்கு ஒப்புதல் வாங்குகிறோம் என்பதையும் அந்தப் பக்கமே சொல்ல வேண்டும். திரைப் புரூஃப் எழுத்துக்கும், இடத்துக்கும், வெட்டு ஓரத்துக்கும்தான் சாட்சி, வண்ணத்துக்கு இல்லை. திரை ஒளியால் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. போனில் பளீரென்று தெரியும் கிளிப்பச்சை நான்கு வண்ண அச்சில் அப்படி வரவே வராது. வண்ணம் முக்கியம் என்பவருக்குத் தாளிலேயே மாதிரி எடுத்துக் கூரியரில் அனுப்பும் வழியைத் தனிக் கட்டணத்தோடு வையுங்கள். அதற்கு இரண்டு நாள் கூடும் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். ஃபாயில் பதியும் இடம் வேலைக்கோப்பில் கறுப்பாகத்தான் இருக்கும். அதை அப்படியே புரூஃபில் காட்டினால், 'பிள்ளையார் ஏன் கறுப்பாக இருக்கிறார்?' என்று இரவு பத்து மணிக்குப் போன் வரும். தங்க நிறம் பூசி, 'இங்கே ஃபாயில்' என்று ஒரு குறிப்பு போட்டால் போதும்.

ஒப்புதல் தருபவர் ஒருவராக மட்டும் இருக்க வேண்டும். இது கேட்கச் சுலபம், நம் வீடுகளில் நடத்தக் கஷ்டம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புரூஃபைப் போட்டால் அத்தை ஒரு திருத்தம் சொல்வார், மாப்பிள்ளை வீட்டார் வேறொன்று சொல்வார், இரண்டும் அச்சகத்துக்கே நேராக வரும். ஆர்டர் போடும்போதே 'ஒப்புதல் தருபவர் யார்?' என்று கேட்டு, அவருடைய எண்ணுக்கு மட்டும் ஓடிபி அனுப்புங்கள். மற்றவர்கள் பார்க்கலாம், கருத்து எழுதலாம். பொத்தான் அவருக்கு மட்டும்தான். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற ஒற்றைப் பொத்தானைவிட, மணமக்கள் பெயர், நாளும் நேரமும், மண்டபம், தொலைபேசி எண் என்று நான்கு கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட வைப்பது நல்லது. தொடும்போது அந்த வரி பெரிதாகித் தெரியட்டும். போனில் சுருங்கிய முழுப் பத்திரிகையை யாரும் எழுத்தெண்ணிப் படிப்பதில்லை.

சில தளங்களில் '24 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் ஒப்புதலாகக் கருதப்படும்' என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அச்சகத்துக்கு வசதிதான், எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஊரில் சிக்னல் இல்லாத ஒருவரின் மௌனத்தை வைத்து, அவர் மகள் பெயரைத் தப்பாக நானூறு தாளில் அடித்துவிட்டு விதியைக் காட்டுவது வியாபாரம் ஆகாது. மௌனத்துக்கு விளைவு இருக்கட்டும். ஆனால் அது அச்சாக இருக்கக் கூடாது. நினைவூட்டல் அனுப்புங்கள், வேலையை வரிசையிலிருந்து எடுங்கள், டெலிவரி தேதி தள்ளிப்போனதை உடனே காட்டுங்கள்.

தேதி தள்ளிப்போவதற்குக் காரணம் சொல்ல வேண்டும் அல்லவா? விசிட்டிங் கார்டு போன்ற சின்ன வேலைகளைத் தனித்தனியாக அடித்தால் பிளேட் செலவுக்கே கட்டாது. அதனால் பல வாடிக்கையாளர்களின் வேலையை ஒரே பெரிய தாளில் அடுக்கி, ஒரே பிளேட் செட்டில் அடிக்கிறார்கள். 1995-இல் பாரிஸில் ராபர்ட் கீன் தொடங்கிப் பிறகு விஸ்டாபிரிண்ட் ஆன நிறுவனம் வளர்ந்ததே இந்தக் கணக்கை மென்பொருளுக்குள் கொண்டுவந்ததால்தான். ஒரு தாளில் இருபது பேரின் வேலை இருந்து, அதில் ஒருவர் ஓகே சொல்லாவிட்டால், மற்ற பத்தொன்பது பேர் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவரை விட்டுவிட்டுத் தாள் ஓட வேண்டும். ஓகே சொல்ல மதியம் 12 மணி கெடு என்று வைப்பது அச்சகத்தின் வீம்பு கிடையாது. அந்தத் தாளை அடுக்கி மூடும் நேரம் அது. '12 மணிக்குள் ஓகே சொன்னால் இன்றைய தாளில் சேரும். இன்னும் 1 மணி 20 நிமிடம் இருக்கிறது' என்று ஒப்புதல் பக்கத்திலேயே காட்டினால் வாடிக்கையாளர் தானாகவே வேகம் எடுப்பார்.

அச்சுக்குப் பிறகான நாள்களும் எல்லா மாதமும் ஒன்றாக இருப்பதில்லை. ஆஃப்செட் மை காய நேரம் வேண்டும். காயாமல் லேமினேஷன் போட்டால் ஒட்டாமல் குமிழ் விடும். அடுக்கி வைத்தால் ஒரு தாளின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். சிவகாசியில் அச்சுத் தொழில் வேரூன்றியதற்கு அங்கே உள்ள வறண்ட வானிலையும் ஒரு காரணம். அங்கேகூட வடகிழக்குப் பருவமழை நாள்களில் காய்வது தாமதமாகும். ஆடியிலும் மார்கழியிலும் பத்திரிகை வேலை படுத்துவிடும். தை, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் குவியும். இத்தனையும் தெரிந்த ஊரில், வருடம் முழுவதும் 'மூன்று நாள்' என்று ஒரே எண்ணைத் தளத்தில் ஒட்டி வைப்பது யாருக்கும் உதவாது. ஃபாயில் மெஷினில் இன்று எத்தனை வேலை வரிசையில் நிற்கிறது என்று பார்த்துத் தேதி சொல்லும் அளவுக்காவது ஆர்டர் பக்கம் உள்ளே இணைந்திருக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி, கணக்கைத் தலைகீழாகப் போடுவது. 'எப்போது தருவோம்' என்று சொல்வதற்கு முன் 'எப்போது கையில் வேண்டும்?' என்று கேளுங்கள். கல்யாண வீட்டில் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு வைத்த பிறகுதான் உறவுக்குப் போகும். அந்த நாள் வீட்டில் முடிவாகியிருக்கும். அதிலிருந்து பார்சல் ஒரு நாள், கட்டிங்கும் பேக்கிங்கும் ஒரு நாள், ஃபாயில் ஒரு நாள், அச்சு ஒரு நாள், நடுவில் வரும் ஞாயிறு என்று பின்னோக்கிக் கழித்தால் ஒரு தேதி கிடைக்கும். 'நீங்கள் ஓகே சொல்ல வேண்டிய கடைசி நாள் வியாழன், மதியம் 12 மணி' என்பதுதான் அந்த ஆர்டரில் மிக முக்கியமான வரி. பணம் கட்டும் முன்பே அதைக் காட்டுங்கள். ஒவ்வொரு நினைவூட்டலிலும் அதே வரி போகட்டும்.

நம் மதுரை ஆர்டரை இந்த வழியில் ஓட்டிப் பார்ப்போம். திங்கள் இரவு பத்து மணிக்கே எழுத்துருவும் படமும் சரியில்லை என்று திரை சொல்லிவிடுகிறது. செவ்வாய் காலை அவரே டிடிபி சென்டரில் போய் நிற்கிறார். மதியம் புதுக் கோப்பு ஏறுகிறது, மாலைக்குள் ஊழியர் ஒரு பார்வை பார்த்ததும் புரூஃப் போகிறது. சித்தப்பாவின் பட்டம் புதன்கிழமை திருத்தப்படுகிறது. வியாழன் காலை பதினொன்றுக்கு ஓகே, அன்றைய தாளிலேயே அச்சு, வெள்ளி ஃபாயில், சனி பேக்கிங், மாலை பார்சல். திங்கள்கிழமை கைக்கு வருகிறது. புது மெஷின் வாங்கவில்லை, யாரும் இரவு வேலை பார்க்கவில்லை. இரண்டு நாள் மிச்சம். வியாழன் வந்துவிடும் என்று அவர் ஏமாந்து காத்திருக்கவும் இல்லை, திங்கள் என்று முதலிலேயே தெரியும்.

தேர்தல் காலத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 127ஏ பிரிவு, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை அச்சிடுபவர் முன்கூட்டியே வாங்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் நள்ளிரவில் ஏறும் கோப்புக்கும் இது பொருந்தும். 'இது தேர்தல் தொடர்பானதா?' என்ற ஒரு கேள்வியும், ஆம் என்றால் உறுதிமொழி வரும்வரை வேலையை நிறுத்தி வைக்கும் ஒரு நிலையும் ஆர்டர் ஓட்டத்தில் இல்லாத தளம் அதன் உரிமையாளரைத்தான் சிக்கலில் மாட்டும்.

அச்சக உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருளை மாற்றப் பணமும் காலமும் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாம். முகப்பில் இருக்கும் 'மூன்று வேலை நாளில் டெலிவரி' என்பதை எடுத்துவிட்டு, 'மதியம் 12 மணிக்குள் புரூஃபுக்கு ஓகே தந்தால், அன்றைய நாளையும் சேர்த்து மூன்று வேலை நாளில் பார்சலில் போடுவோம்' என்று இன்றைக்கே எழுதி வையுங்கள்.